கட்டைவிரல் மறைத்த விலாசம்

ஆபீசில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எதையும் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்காமல் நம்பாத ஜென்மம் அவள். மேனேஜர் ஒருமுறை தன் மகளின் பிறந்தநாள் போட்டோவை ஆசையாகக் காட்டினார். இவள் குழந்தையை விட்டுவிட்டு, பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரைப் பெரிதாக்கி, "சார், போன மாசத்தையே இன்னும் கிழிக்கலையே" என்றாள். அதற்குப் பிறகு மேனேஜர் அவளிடம் குடும்பப் போட்டோ எதையும் காட்டுவதில்லை.

நாற்பத்தாறு வயது. அதில் பதினோரு வருஷம் ஓர் அச்சகத்தில் டெலிபோன் டைரக்டரிக்குப் பிழை திருத்தியவள். ஊரில் இருந்த அத்தனை பேரின் பெயரும் வீட்டு எண்ணும் தெருவும் அவள் கண்ணுக்கு அடியில் ஊர்ந்து போயிருக்கின்றன. டைரக்டரிக்கு மவுசு போய் அச்சகம் மூடியதும், இந்தக் கம்பெனிக்கு வந்தாள். டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கோடையில் ரப்பர் நாற்றம், மழையில் ரப்பரும் ஈரமும் சேர்ந்த நாற்றம். ஆஸ்பத்திரிகளுக்கும் பெரிய கடைகளுக்கும் துப்புரவு ஆள், காவலாள், சலவை ஆள் என்று கூட்டம் கூட்டமாக அனுப்பி வைக்கிற கம்பெனி அது. இரண்டாயிரத்து முந்நூறு பேர். அவர்களில் பத்துப் பேரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. அவளைப் பொறுத்தவரை அவர்கள் எல்லோரும் அடையாள அட்டைகள்தான்.

அட்டை என்றால் அட்டையும் இல்லை, அட்டையின் போட்டோ. வேலைக்குச் சேரும்போது ஒவ்வொருவரும் கார்டைப் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். படுக்கை விரிப்பின் மேல் வைத்து எடுத்தது, முழங்காலில் வைத்து எடுத்தது, பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தது, தலைகீழாக எடுத்தது. எல்லாம் வாட்ஸ்அப் குரூப்புகளிலும் மேனேஜரின் போனிலும் வருஷக்கணக்காகக் குப்பையாய்க் கிடந்தன. யாருக்காவது யாருடைய நம்பராவது வேண்டுமென்றால் தேடி எடுப்பார்கள். கிடைத்தால் கிடைக்கும், கிடைக்காவிட்டால் இன்னொரு தரம் அனுப்பச் சொல்வார்கள். இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வண்டிக்குக் குறுக்கே வந்தது பெரிய ஆஸ்பத்திரியின் புது ஒப்பந்தம். எல்லா ஆட்களின் பெயர், பிறந்த தேதி, கார்டு நம்பர், விலாசம் நாலும் ஒரே ஷீட்டில் வேண்டும், ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது, ஒரு வாரத்தில் வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். மேனேஜர் தலையில் கை வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்தார். பிறகு யாரிடமோ கேட்டு ஒரு சாஃப்ட்வேரை வாங்கினார். தன் போனிலும் குரூப்புகளிலும் இருந்த கார்டு படங்களையெல்லாம் பொறுக்காமல் பிரிக்காமல் அப்படியே வாரி ஒரு போல்டரில் கொட்டினார். மூவாயிரத்துத் தொள்ளாயிரம் படம்.

"சார், நம்ம ஆளுங்க ரெண்டாயிரத்து முந்நூறுதானே?" என்றாள் பூதக்கண்ணாடி.

"ஒரே ஆளு ரெண்டு மூணு தரம் அனுப்பியிருப்பாங்க மேடம். அதையெல்லாம் அதுவே பார்த்துக்கும்."

அது பார்த்துக்கொண்டதுதான். அவள் கண்ணெதிரே ஒவ்வொரு படத்திலும் கார்டின் நாலு மூலையையும் கண்டுபிடித்தது, சாய்ந்ததை நிமிர்த்தியது, தலைகீழாக நின்றதைத் திருப்பியது, எழுத்து இருக்கிற இடங்களைச் சதுரம் சதுரமாக வெட்டி, படித்து, ஷீட்டில் போட்டது. அச்சகத்தில் நாலு பேர் ஆறு மாதம் பார்த்த வேலை டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, என்னவோ பயமாகவும் இருந்தது. ஏன் பயம் என்று அவளுக்கே தெரியவில்லை. காலையில் சாப்பிடாததுதான் காரணம் என்று வைத்துக்கொண்டாள்.

படித்த ஒவ்வொரு கட்டத்துக்கும் அது தனக்குத்தானே மார்க் போட்டுக்கொண்டது. எண்பதுக்கு மேல் என்றால் வெள்ளை. எண்பதுக்குக் கீழ் என்றால் சிவப்பு. சிவப்பை மட்டும் மனுஷக் கண் பார்த்துத் திருத்த வேண்டும். அதற்குத்தான் பூதக்கண்ணாடி. லேமினேஷன் மேல் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து நம்பரில் பாதியை விழுங்கியிருக்கும். ஒன்று ஏழாகியிருக்கும், ஐந்து ஆறாகியிருக்கும். கார்டுக்கு அடியில் கிடந்த பூப்போட்ட துணியையும் எழுத்து என்று நினைத்து, ஒரு காவலாளின் தெருப் பெயரோடு நாலு இலைகளையும் சேர்த்துப் படித்து வைத்திருந்தது. அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். இயந்திரத்துக்கும் வயிறு காய்ந்தால் கண் மங்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று நாளில் சிவப்பு எல்லாம் வற்றியது. மிஞ்சியவை பத்தொன்பது. பத்தொன்பதிலும் ஒரே கோளாறுதான். கார்டைக் கையில் பிடித்து எடுத்ததால் விரல் எழுத்தின் மேல் விழுந்திருந்தது. அவள் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். "விரலைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சு எடுத்து அனுப்புங்கம்மா", "அண்ணே, கட்டைவிரலை நாங்க கேக்கலை, கார்டைத்தான் கேக்குறோம்." பதினெட்டுப் பேர் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்கள்.

பத்தொன்பதாவது, ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண். சொன்ன உடனே "சரிக்கா" என்றாள். படமும் வந்தது. விரல் அங்கேயே இருந்தது. பூதக்கண்ணாடி மறுபடி சொன்னாள். மறுபடி வந்தது. விரல் அங்கேயே இருந்தது. பூதக்கண்ணாடி அந்த மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினாள். சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய கட்டைவிரல். பெயரைத் தொடவில்லை, நம்பரைத் தொடவில்லை, பிறந்த தேதியைத் தொடவில்லை. விலாசத்தின் மேல் மட்டும், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, அளவெடுத்து வைத்தது போல நீளமாகப் படுத்திருந்தது.

மூன்றாவது தரம் கூப்பிட்டாள். பின்னால் சலவை இயந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

"என்னம்மா, விளையாடுறியா? விலாசத்து மேலேயே விரல் விழுது."

"அது விழலைக்கா. நான்தான் வெச்சிருக்கேன்."

"ஏம்மா?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "என் வீட்டுக்காரர் என்னைத் தேடிக்கிட்டு இருக்காருக்கா. பொண்ணைத் தூக்கிக்கிட்டு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. நான் இருக்கிற இடம் அவருக்குத் தெரிஞ்சா உயிரோட விட மாட்டார். குரூப்ல அறுபது பேர் இருக்காங்க. யார் யாருக்குச் சொந்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? பேரு இருக்கு, நம்பரு இருக்கு. அது போதாதாக்கா?"

"போதும்மா. நீ ஒண்ணும் அனுப்ப வேணாம். நான் பார்த்துக்கிறேன்" என்றாள் பூதக்கண்ணாடி. அதை மனதாரத்தான் சொன்னாள். அந்தப் பெண் நாலு தரம் "நன்றிக்கா" என்றாள்.

பார்த்துக்கிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, எப்படிப் பார்த்துக்கொள்வது? ஷீட்டில் ஒரு கட்டம் காலி. ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரியின் கட்டளை. மேனேஜர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வந்து, "முடிஞ்சுதா மேடம்? இன்னும் எத்தனை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொய் விலாசம் எழுத அவளுக்குக் கை வராது. பதினோரு வருஷம் பிழை திருத்திய கை அது. காலியாக விட்டாலோ அந்தப் பெண்ணை வேலையைவிட்டு நிறுத்தினாலும் நிறுத்திவிடுவார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சாஃப்ட்வேர் தானாக ஒரு சின்னப் பெட்டியை நீட்டியது. இதே நம்பரில் இன்னொரு படம் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டது. அவள் திறந்து பார்த்தாள். அதே முகம், இன்னும் கொஞ்சம் சதைப் பிடிப்பாக. நாலு வருஷத்துக்கு முந்தைய படம். 'ஆள் தேவை' என்ற பழைய குரூப்பிலிருந்து மேனேஜர் வாரிக் கொட்டியதில் வந்தது. அப்போது இந்தப் பெண் வேலை கேட்டு அனுப்பியிருக்கிறாள். அப்போது இடம் இல்லை என்று திருப்பிவிட்டிருக்கிறார்கள். ஆளைத்தான் திருப்பினார்களே தவிர படத்தை யாரும் திருப்பவில்லை. அந்தப் படத்தில் விரல் இல்லை. விலாசம் பளிச்சென்று தெரிந்தது. அது வேறு ஊர்ப் பக்கத்து விலாசம். அவள் விட்டுவிட்டு ஓடிவந்த வீடு.

'புதிய படத்தில் விலாசம் இல்லை. பழைய படத்திலிருந்து நிரப்பவா?' என்று கேட்டது பெட்டி.

பூதக்கண்ணாடிக்கு அப்பாடா என்று இருந்தது. அந்தப் பெண் மறைப்பது புது விலாசத்தை. பழைய விலாசத்தில்தான் அவளே இல்லையே! யார் அங்கே போய்த் தேடினாலும் கிடைக்க மாட்டாள். விலாசம் பொய்யும் இல்லை, அரசாங்கக் கார்டில் அச்சடித்ததுதான். கட்டமும் நிரம்பும், ரகசியமும் காப்பாற்றப்படும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவள் 'ஆம்' என்பதை அழுத்தினாள். கட்டம் வெள்ளையானது. சிவப்பு பூஜ்யம் என்று திரை சொன்னது. மேனேஜர் கைதட்டினார். ஷீட் அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் செய்தது அவ்வளவுதான். ஒரே ஒரு சொடுக்கு. அதில் கெட்ட எண்ணம் கடுகளவுகூட இல்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். நல்ல எண்ணத்தோடு ஒருத்தி இவ்வளவு கெடுதல் செய்ய முடியுமா என்பதுதான் இன்றைக்கும் விளங்காத விஷயம்.

அன்று இரவு சாப்பிடும்போது புருஷனிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். எதையும் பாதி கேட்டுவிட்டு முழுசாகப் பதில் சொல்கிற மனுஷன்.

"ஏங்க, விலாசம் ரகசியமா இல்லையா?"

"யாரோட விலாசம்?"

"பொதுவாத்தான் கேக்குறேன். அந்தக் காலத்துல டைரக்டரியில ஊர்ல இருக்கிறவங்க விலாசத்தையெல்லாம் அச்சடிச்சு வீட்டு வாசல்ல போட்டுட்டு வந்தோம். யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? பேரு விட்டுப்போச்சுன்னுதான் சண்டைக்கு வந்தாங்க."

"என் விலாசம் தெரிஞ்சு எவன் வந்து என்னத்தைத் தூக்கிட்டுப் போகப் போறான்? உன்னைத் தூக்கிட்டுப் போனாலும் ஒரு மணி நேரத்துல கொண்டாந்து விட்டுடுவான்" என்றார் அவர்.

அவள் கரண்டியை ஓங்கினாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் தன் கார்டைப் பற்றி யோசித்துப் பார்த்தார். போன் சிம் வாங்கிய கடையில் ஒரு படம், பள்ளிக்கூடத்தில் ஒன்று, வேன் இன்ஷூரன்ஸில் ஒன்று, ஒரு கல்யாணத்துக்குப் போய் லாட்ஜில் தங்கியபோது அங்கே ஒன்று. விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனவர் எட்டாவது விரலில் நின்று, "அட, எத்தனை பேர்கிட்ட இருக்கேன்னு எனக்கே தெரியலையே" என்றார். அதற்கு மேல் அவருக்கு யோசிக்கத் தெரியவில்லை. தட்டைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த வாரம் புதன்கிழமை. ஆஸ்பத்திரிக்காக விலாசங்களைச் சரிபார்க்கும் வேறொரு கம்பெனியிலிருந்து முதல் தவணை அறிக்கை வந்தது. அப்படி ஒரு கம்பெனி இருப்பதே பூதக்கண்ணாடிக்கு அன்றுதான் தெரியும். ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தில் இருந்ததாம். ஷீட்டில் உள்ள ஒவ்வொரு விலாசத்துக்கும் ஓர் ஆள் நேரில் போவார். கையில் டேப்லெட், அதில் கார்டுப் படம். வாசலைப் போட்டோ எடுப்பார். இவர் இங்கேதான் குடியிருக்கிறாரா, எத்தனை வருஷமாக என்று கேட்டு எழுதி, வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலும் கொடுப்பார். அந்தக் கையெழுத்துத் தாளின் தலைப்பிலேயே எந்த ஆஸ்பத்திரிக்காக, எந்தப் பிரிவு வேலைக்காக என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும்.

அறிக்கையில் 'சரி', 'சரி', 'சரி' என்று வந்துகொண்டே இருந்தது. அவள் வழக்கம்போல ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

'விண்ணப்பதாரர் விலாசத்தில் இல்லை. கணவர் சந்திக்கப்பட்டார். பணியிட விவரம் கேட்டார், தெரிவிக்கப்பட்டது. கையெழுத்து பெறப்பட்டது. ஒத்துழைப்பு மிக நன்று.'

அவள் மூன்று தரம் படித்தாள். மூன்றாவது தரம்தான் அர்த்தம் உள்ளே இறங்கியது. தேதியைப் பார்த்தாள். நேற்றைக்கு மதியம்.

அந்தப் பெண்ணின் நம்பரை அடித்தாள். சலவைக் கூடத்தில் வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சலவைக் கூடத்து மேற்பார்வைக்காரரைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னாள்.

"அண்ணே, அங்கே உங்க ஆளு ஒருத்தி, அழுக்குத் துணி பிரிக்கிற பொண்ணு, இருக்காளா?"

"இருக்கா மேடம். ஏன், அவளுக்கு என்ன இன்னைக்கு? காலையில இருந்து பின் கேட்டுல ஒரு ஆளு நின்னுக்கிட்டு, என் பொண்டாட்டி இங்கே வேலை பாக்குறா, வரச் சொல்லுங்கன்னு பிடிவாதம் பிடிச்சுக்கிட்டு இருக்கான். நல்ல மனுஷனாத்தான் தெரியுறான். ஷிப்ட் முடிஞ்சதும் அனுப்புறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"அனுப்பாதீங்க! அண்ணே, உங்க கால்ல விழுறேன், அவளைப் பின்பக்கம் அனுப்பாதீங்க. முன்பக்கமா, நோயாளிங்க போற வழியா அனுப்புங்க. யூனிபார்மைக் கழட்டச் சொல்லுங்க. யாராவது ஒருத்தி கூடப் போகட்டும்."

அவள் கத்தியதில் மேனேஜர் அறையிலிருந்து ஓடி வந்தார். மேற்பார்வைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒரு பெண்பிள்ளை இப்படி அலறினால் காரணம் இருக்கும் என்று நம்புகிற நல்லவர். சொன்னபடி செய்தார். அந்தப் பெண் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களின் கூட்டத்தோடு கூட்டமாக முன்வாசல் வழியே வெளியேறினாள். பள்ளிக்கூடத்திலிருந்து மகளைப் பாதி வகுப்பில் கூட்டிக்கொண்டு போனாள் என்று மறுநாள் போனில் தெரிந்தது. அப்போதே பூதக்கண்ணாடி ஷீட்டையும் டேப்லெட்டோடு போன ஆளையும் பற்றி ஒன்றும் மறைக்காமல் அவளிடம் சொல்லிவிட்டாள். பின் கேட்டில் நின்றவன் இருட்டும்வரை நின்றிருக்கிறான்.

மேனேஜருக்கு விஷயத்தைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு அரை மணி ஆயிற்று. அவர் கெட்டவர் இல்லை. முழுசும் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சரி மேடம், தப்பு எங்கே நடந்துச்சு? நீங்களே சொல்லுங்க. அந்த விலாசம் அவங்களா அனுப்பினது. நாம திருடலை. நம்பரும் ஒண்ணு. சாஃப்ட்வேர் நிரப்பவான்னு உங்ககிட்ட கேட்டுச்சு, நீங்க ஆமான்னு சொன்னீங்க. ஷீட்டை நாம வெளியில விக்கலை, ஒப்பந்தப்படி கொடுத்தோம். அந்த ஆளு விலாசத்துக்குப் போனார், அது அவர் வேலை. புருஷன்காரன் கேட்டான், சொன்னார். இதுல யாரு சட்டத்தை மீறினாங்க?"

"யாரும் மீறலை சார்."

"அப்புறம்?"

"அதான் சார் எனக்கும் புரியலை."

நிஜமாகவே புரியவில்லை. அன்று முழுக்க அவள் அந்த ஒரு வரியைத் திரையில் வைத்துக்கொண்டு பிழை தேடினாள். பெயரில் பிழை இல்லை. நம்பரில் பிழை இல்லை. தேதியில் நாளும் மாதமும் இடம் மாறவில்லை. விலாசத்தில் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. அவள் வாழ்க்கையில் திருத்திய வரிகளிலேயே சுத்தமான வரி அது. விரல் வைத்து மறைத்தபோது இருந்த வரிதான் பிழையான வரி. பிழையாக இருந்த வரைக்கும் அந்தப் பெண் நிம்மதியாகத் துணி பிரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் புது விலாசத்தை மறைத்தாள் என்றுதானே நான் நினைத்தேன்? அதைத்தானே காப்பாற்றினேன்? இப்படியே திரும்பத் திரும்ப யோசித்தாள். புது விலாசம் யாரிடமும் போகவில்லை. பழைய விலாசமோ புருஷனுக்குத் தெரிந்த விலாசம்தான், அவனுடைய வீடே அதுதான். ஆஸ்பத்திரியின் பெயர் பலகை போட்டு ஊருக்கே தெரிந்த பெயர். அந்தப் பெண்ணின் பெயர் புருஷனுக்குத் தெரியாதா? எல்லாமே ஏற்கெனவே யாருக்காவது தெரிந்ததுதான். தனித்தனியாகக் கிடந்தபோது ஒன்றுக்கும் ஆகாதவை. ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததும் வழிகாட்டியாகிவிட்டன. அதை அப்படி உட்கார வைத்தது யார்? அந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுபடி முதலிலிருந்து யோசித்தாள்.

வேன் ஓட்டுகிற அவள் புருஷன் அன்று சாயங்காலம் ஆறுதல் சொல்லிப் பார்த்தார். "நீ வேணும்னேவா பண்ணே?" என்றார். "இல்லை" என்றாள். "அப்ப விடு" என்றார். விட முடிந்தால் அவள் ஏன் பூதக்கண்ணாடி?

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தப் பெண் ஆபீசுக்கு வந்தாள். முகத்தைப் பார்த்ததும் பூதக்கண்ணாடிக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாயிரத்து முந்நூறு முகத்தில் அந்த ஒரு முகம்தான் அவளுக்கு மனப்பாடம். ஆனால் படத்தில் இருந்ததைவிட ஆள் சின்னவளாக இருந்தாள், தோளில் ஒரு பை, பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை. மடித்த இரண்டு யூனிபார்மை மேஜைமேல் வைத்தாள்.

பூதக்கண்ணாடி எழுந்து நின்றாள். திட்டட்டும், காலணியைக் கழற்றி அடிக்கட்டும் என்று தயாராகத்தான் நின்றாள். அந்தப் பெண் திட்டவில்லை.

"என் போட்டோவை எடுத்துடுங்கக்கா" என்றாள். "எல்லாத்துலயும் இருந்து. நான் பக்கத்துல இருந்து பாக்குறேன்."

நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். குழந்தை ஜன்னல் வழியே கீழே டயர்களை எண்ணப் போய்விட்டது. முதலில் போல்டர். நாலு படங்கள், மூன்று விரல் படமும் ஒரு பழைய படமும். அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். பிறகு ஷீட்டில் அந்த வரி. அழித்தாள். பிறகு சாஃப்ட்வேர். அழிக்கவா என்று இரண்டு தரம் கேட்டது, ஆம் என்றாள். முப்பது நாள் கழித்துத்தான் முழுசாகப் போகும் என்றது.

"அது எங்கே இருக்குக்கா, அந்த முப்பது நாளும்?"

"அந்தக் கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டர்ல."

"அது எந்த ஊர்ல இருக்கு?"

பூதக்கண்ணாடிக்குத் தெரியவில்லை. மேனேஜரைப் பார்த்தாள். அவருக்கும் தெரியவில்லை. அவர் தன் போனை எடுத்து, தேடித் தேடி இரண்டு படங்களை அழித்து, அந்தப் பெண்ணிடம் நீட்டிக் காட்டினார்.

"குரூப்ல போட்டேனே, அறுபது பேரு போனு?"

"குரூப்ல எடுத்துடலாம்மா. ஆனா யாராவது தன் போன்ல சேத்து வெச்சிருந்தா..."

"ஆஸ்பத்திரியில?"

"கடிதம் எழுதுறேன்."

"அந்த டேப்லெட்டுக்காரர்கிட்ட?"

"அவங்களுக்கும் எழுதுறேன்மா."

"அவரு கையெழுத்துப் போட்ட தாள்ல?"

அதற்கு எழுதுகிறேன் என்றுகூடச் சொல்ல முடியாது. புருஷன்காரனின் கையில் அந்தத் தாளின் நகல் இருக்கிறது. அதை எந்தப் பொத்தானை அழுத்தி அழிப்பது? பூதக்கண்ணாடி அழுதுவிட்டாள். ஆபீசில், மேனேஜர் எதிரில், இருபது வயதுப் பெண்ணைப் போல மூக்கை உறிஞ்சி அழுதாள். "நான் உனக்கு நல்லதுதான் பண்றேன்னு நினைச்சேன்மா. சத்தியமா. உன் புது விலாசத்தை நான் தொடவே இல்லை" என்றாள்.

"தெரியும்க்கா" என்றாள் அந்தப் பெண். "நீங்க கத்தலைன்னா நான் பின்பக்கமாத்தான் போயிருப்பேன். அண்ணன் சொன்னாரு."

அதைக் கேட்டதும் பூதக்கண்ணாடிக்கு அழுகை இன்னும் கூடியது. தள்ளிவிட்டவளும் நான்தான், தூக்கிவிட்டவளும் நான்தான் என்றால் என்னை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

அந்தப் பெண் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். குழந்தையைக் கூப்பிட்டாள். குழந்தை, "முப்பத்தொண்ணும்மா" என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது.

பூதக்கண்ணாடி முகத்தைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டு வரை கூடப் போனாள். வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ஏதாவது செய்ய வேண்டும், எதையாவது சரிசெய்ய வேண்டும். "இனிமே எங்கேம்மா போகப் போறே?" என்று கேட்டாள். "இடத்தை மட்டும் சொல்லு. அந்தப் பக்கம் எனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வேலைக்குச் சொல்லி வைக்கிறேன். என்கிட்ட சொல்லலாம்மா. செத்தாலும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அந்தப் பெண் இரண்டு படி இறங்கி நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. உள்ளதைச் சொல்கிற குரல்தான்.

"நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கக்கா," என்றாள். "எழுதிடுவீங்க."